கண்ணிக்குள் மாட்டிய வெள்ளை

மெரூன் நிறப் பின்னணியில் ஒரு தங்கச் செயின் விளம்பரம். தள்ளி நின்று பார்த்தால் அழகு. கிட்டே போனால் கண்ணிகளுக்கு நடுவே வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள் தெரியும். படம் எடுத்தபோது அடியில் இருந்த காகிதம்தான் அது. அதே படத்தில் டாலரின் ஓரத்தைப் பாருங்கள், யாரோ கடித்துவைத்ததுபோல் அங்கங்கே தேய்ந்திருக்கும். போக வேண்டியது போகவில்லை. இருக்க வேண்டியது போய்விட்டது. பின்னணியை ஒரே தட்டலில் நீக்கித் தரும் செயலிகள் சட்டைக்கும் செருப்புக்கும் நன்றாகவே வேலை செய்கின்றன. நகை என்றால் மட்டும் இந்த இரண்டு தவறையும் சேர்த்தே செய்கின்றன. இரண்டுக்கும் காரணம் வேறு வேறு.

முதலில் இடைவெளி. 24 செ.மீ. அகலத்துக்குப் பரப்பிவைத்த ஒரு செயினை 6000 புள்ளி அகலமுள்ள படமாக எடுத்தால், ஒரு மில்லிமீட்டருக்கு 25 புள்ளி கிடைக்கும். கண்ணிக்குள் இருக்கும் 0.4 மி.மீ. சந்து 10 புள்ளி. நம் கண்ணுக்கு அது போதும். ஆனால் தானாகப் பின்னணி நீக்கும் நிரல்கள் பல, முழுப் படத்தை அப்படியே ஆராய்வதில்லை, சுருக்கிவைத்துக்கொண்டுதான் பார்க்கின்றன. பரவலாகப் புழங்கும் யு-2-நெட் என்ற மாதிரி, படத்தை 320-க்கு 320 ஆக்கிவிடும். அங்கே நம் சந்து ஏறக்குறைய அரைப் புள்ளிதான் என்று சொல்லலாம். 1024 அளவில் பார்க்கும் புதிய மாதிரியிலும் இரண்டு புள்ளிக்குக் குறைவுதான். அதனால்தான் கண்ணி கண்ணியான செயின் தட்டையான பட்டையாகத் திரும்பி வருகிறது. இன்னும் நல்ல கேமரா வாங்கினால் இது தீராது. சுருக்கும்போது எல்லாம் போய்விடுகிறதே.

அடுத்தது பளபளப்பு. மெருகேற்றிய தங்கக் கம்பி ஓர் உருண்டைக் கண்ணாடி. மேலிருந்து பார்க்கும்போது அதன் நடுப்பகுதி கேமரா இருக்கும் பக்கத்தைக் காட்டும். ஓரம் செல்லச் செல்லப் பக்கவாட்டில் இருப்பதைக் காட்டும். விளிம்பிலோ, தனக்குக் கீழே கிடக்கும் காகிதத்தையே காட்டும். கணக்குப் போட்டால் கம்பியின் அகலத்தில் ஏறக்குறைய 30 சதவீதம், இரு ஓரமும் சேர்த்து, பின்னணியின் பிம்பம்தான். வெள்ளையில் வைத்தால் வெளுத்த விளிம்பு, கறுப்பு வெல்வெட்டில் வைத்தால் கறுத்த விளிம்பு. நகை முடிந்து பின்னணி தொடங்கும் இடத்தைத் தேடும் நிரலுக்கு, அந்த இடத்தில் இரண்டும் ஒன்றாகவே தெரிகின்றன.

ஆனால் தங்கம் ஓர் உபகாரம் செய்கிறது. வெள்ளைக் காகிதத்தைப் பிரதிபலித்தாலும் அது வெள்ளையாகக் காட்டுவதில்லை, மஞ்சளாகத்தான் காட்டும். சிவப்பையும் பச்சையையும் திருப்பி அனுப்பும் தங்கம் நீலத்தில் கணிசமான பங்கை விழுங்கிவிடும். ஒரு விளிம்புப் புள்ளியில் சிவப்பு 240, பச்சை 200, நீலம் 110 என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்துக் காகிதத்தில் மூன்றும் 250. கறுப்பு வெள்ளையாக மாற்றினால் தங்கம் 202-க்கு வந்து காகிதத்தை நெருங்கிவிடும். நீலத்தை மட்டும் பிரித்துப் பார்த்தால் 110-க்கும் 250-க்கும் நல்ல இடைவெளி. ஃபோட்டோஷாப், கிம்ப் இரண்டிலும் சேனல் பட்டியலில் நீலத்தைத் தனியாகப் பார்க்கலாம். வெள்ளைத் தாளில் கரும் செயின், ஒவ்வொரு சந்தும் துலக்கமாகத் தெரியும். அதைப் பிரதி எடுத்து, லெவல்ஸில் இரு முனையையும் இழுத்து, தலைகீழாக்கினால் மாஸ்க் தயார். ஏற்கெனவே எடுத்துவிட்ட படத்துக்கு இதைவிடச் சுருக்கமான வழி எனக்குத் தெரியவில்லை. ஒரே எச்சரிக்கை: விளக்கு வெளிச்சம் அளவு மீறி, தங்கத்தின் மினுமினுப்பு மூன்று நிறத்திலும் 255-ஐத் தொட்டுவிட்டால் அங்கே நீலமும் நிரம்பிவிடும், மாஸ்க்கில் ஓட்டை விழும். படத்தைக் கொஞ்சம் இருட்டாகவே எடுத்துவைப்பது நல்லது.

படமே இனிமேல்தான் எடுக்க வேண்டும் என்றால் என் ஓட்டு வேறு வழிக்கு. ஒரே நகையை இரண்டு முறை எடுப்பது. மேசைக்கு ஓரடி உயரத்தில் கண்ணாடித் தகடு, அதன்மேல் செயின், நேர் மேலே முக்காலியில் கேமரா. முதல் படம் வழக்கம்போல, நகை அழகாகத் தெரியும்படி. பிறகு மேல் விளக்குகளை அணைத்துவிட்டு, கீழே மேசைமேல் இருக்கும் வெள்ளை விளக்குப் பலகையை மட்டும் ஏற்றி இரண்டாவது படம். இதில் செயின் வெறும் நிழலுருவம்; சந்துகள் எல்லாம் வெளிச்சம். இரண்டுக்கும் நடுவில் ஷட்டர் வேகத்தை மட்டும் மாற்றலாம். அப்பர்ச்சரைத் தொட்டால் விளிம்பின் மங்கல் மாறிவிடும், ஃபோகஸைத் தொட்டால் அளவே மாறும். விரலால் அழுத்தாமல் டைமரில் எடுக்க வேண்டும்.

விளக்குப் பலகையின்மேல் நேரடியாக நகையை வைத்தால் என்ன என்று கேட்கலாம். பலர் அப்படித்தான் செய்கிறார்கள், பிறகு செயின் மெலிந்துவிட்டது என்கிறார்கள். நகையைச் சுற்றி நாலாபுறமும் ஒளி பரந்து கிடந்தால், சாய்வாக வரும் வெளிச்சத்தை விளிம்பு வாங்கித் தானும் மின்னும். மாஸ்க்கில் அந்த மின்னல் பின்னணியாகக் கணக்காகிவிடும். தகட்டை உயர்த்துவதும், ஒளி தெரியும் பரப்பைக் கறுப்பு அட்டையால் மறைத்துப் படச் சட்டத்தைவிடச் சற்றே பெரிதாக மட்டும் வைப்பதும் இதற்காகத்தான். வெளிச்சமும் 240 அளவில் நின்றால் போதும். அதைத் தாண்டி ஊதிவிட்டால் ஒளி கசிந்து கம்பியைத் தின்னும்.

மாஸ்க் கிடைத்ததும் அடியில் பளிச்சென்ற சிவப்பு லேயர் ஒன்றைப் போட்டு 100 சதவீத அளவில் உருட்டிப் பாருங்கள். சந்துக்குள் சிவப்பு தெரியாத இடம் அடைபட்ட இடம். கம்பிக்குள் சிவப்பு தெரிந்தால் ஓட்டை. விளிம்போரம் வெளிர் கோடு ஓடினால், பாதி தங்கம் பாதி காகிதமான புள்ளிகள் மிச்சம். இந்தக் கோட்டுக்கு எல்லாரும் சொல்லும் மருந்து, மாஸ்க்கை ஒரு புள்ளி சுருக்குவது. வளையலுக்குச் சரி. 10 புள்ளி தடிமனுள்ள கம்பியில் இரு பக்கமும் ஒவ்வொன்று போனால் ஐந்தில் ஒரு பங்கு போயிற்று, வாங்குபவர் கையில் வருவது வேறு செயின் போலிருக்கும். அதற்குப் பதில் மேலே ஒரு லேயர் போட்டு, அதை மல்டிப்ளை முறையில் வைத்து, நகையிலிருந்தே எடுத்த மஞ்சளை விளிம்பில் மென்மையாகத் தடவலாம். கலர் முறையில் தடவினால் வெள்ளை வெள்ளையாகவே நிற்கும்; அந்த முறை வெளிச்ச அளவை மாற்றாது.

வெள்ளிக் கொலுசுக்கு நீலச் சேனல் உதவாது, வெள்ளி எல்லா நிறத்தையும் ஏறத்தாழ ஒரே அளவில் திருப்புகிறது. அங்கே நிழலுருவப் படம்தான். வெள்ளைக்கல் அட்டிகையில் அதுவும் முழுதாக உதவாது. கற்கள் வழியே கீழ் வெளிச்சம் ஏறிவரும். வெளி வரம்பையும் சந்துகளையும் நிழலுருவத்திலிருந்து எடுத்துக்கொண்டு, கற்களின் மேல் மட்டும் மாஸ்க்கில் கையால் வெள்ளை அடிக்க வேண்டியதுதான்.

வெள்ளைப் பக்கத்தில் போடப்போகும் படமாக இருந்தால் இவ்வளவும் தேவையே இல்லை. அமேசான் போன்ற தளங்கள் முதல் படத்துக்குக் கேட்பது தூய வெள்ளைப் பின்னணி, அதாவது மூன்று நிறமும் 255. நகையைச் சுற்றித் தாராளமாக ஒரு மாஸ்க் வரைந்து வெளியே இருப்பதை வெள்ளையாக்கி, உள்ளே காகிதம் மட்டும் 255-ஐத் தொடும்வரை லெவல்ஸை ஏற்றினால், கண்ணிக்குள் இருக்கும் காகிதமும் சேர்ந்தே வெளுத்துவிடும். எதையும் வெட்ட வேண்டாம்.