திரையும் தொலைவும்

தொலைக்காட்சிப் பெட்டியின் அளவு எனக் கடையில் கூறப்படுவது அகலமன்று, உயரமுமன்று. ஒரு மூலையிலிருந்து எதிர் மூலை வரையுள்ள மூலைவிட்டமே ஆகும். 16:9 என்னும் விகிதத்தில் அமைந்த 43 அங்குலத் திரை ஏறத்தாழ 95 செ.மீ. அகலமும் 53.5 செ.மீ. உயரமும் கொண்டது.

அட்டையில் அடுத்துக் காணப்படும் 1920 × 1080 என்பது திரையின் தெளிவுத்திறன். கிடைவாக்கில் 1920 படப்புள்ளிகளும் செங்குத்தாக 1080 படப்புள்ளிகளும் உள்ளன என்பது அதன் பொருள். 95 செ.மீ. அகலத்தை 1920 ஆல் வகுத்தால் ஒரு புள்ளியின் அகலம் ஏறத்தாழ 0.5 மி.மீ. எனக் கிடைக்கும். அதே அளவுள்ள 4கே திரையில் 3840 புள்ளிகள் இருப்பதால் புள்ளியின் அகலம் 0.25 மி.மீ. ஆகக் குறைகிறது.

இவ்வேறுபாட்டைக் கண் உணருமா என்பதே வினா. இயல்பான பார்வையுடைய கண், ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்காகிய கோணம் வரையே இரு புள்ளிகளைப் பிரித்தறியும். புள்ளியின் அகலத்தைப் போல் ஏறத்தாழ 3,440 மடங்கு தொலைவில் அக்கோணம் அமைகிறது. எனவே 0.5 மி.மீ. புள்ளிகள் 1.7 மீட்டருக்கு அப்பால் தனித்துத் தெரியா. நாற்காலி 2.5 மீட்டர் தள்ளி இடப்பட்டுள்ள கூடத்தில், 43 அங்குல 4கே திரையின் கூடுதல் புள்ளிகளுக்குக் கொடுத்த பணம் கண்ணை வந்தடைவதில்லை. ஆனால், 576 வரிகளே கொண்ட பழைய தர ஒளிபரப்பு அதே இடத்திலிருந்தும் மங்கலாகத் தெரியும். ஒரு வரியின் உயரம் அத்திரையில் 0.9 மி.மீ. ஆகிவிடுகிறது. குறை பெட்டியுடையதன்று. உயர்தரக் காட்சி ஒன்றை அதே திரையில் ஓட்டிப் பார்த்தால் அது விளங்கும்.

திரை, பார்வையில் ஏறத்தாழ 30 பாகை அகலத்தை நிரப்பும் தொலைவே உகந்தது என்பது பரவலாகக் கொள்ளப்படும் அளவு. அது மூலைவிட்டத்தைப் போல் 1.6 மடங்கு, 43 அங்குலத்திற்கு 1.75 மீட்டர். கணினித் திரையின் நிலை வேறு. 24 அங்குலத் திரையில் 1920 புள்ளிகள் இருந்தால் புள்ளியின் அகலம் 0.28 மி.மீ. ஆகும். ஆயினும் அதன்முன் அமர்பவர் 60 செ.மீ. தொலைவிலேயே இருப்பதால், எழுத்துகளின் வளைவுகளில் படிக்கட்டு போன்ற விளிம்பு தென்படக்கூடும். இங்குக் கூடுதல் தெளிவுத்திறன் உண்மையிலேயே பயன் தரும்.

தொலைவு சரியாக இருந்தும் படம் வெளிறித் தோன்றினால் பேனலின் வகையை நோக்க வேண்டும். பின்னிருந்து ஒளியூட்டப்படும் திரவப்படிகத் திரைகளுள் விஏ வகை, கருமையை ஆழமாகக் காட்டும். பக்கவாட்டில் அமர்ந்து பார்ப்பவருக்கு அதன் நிறம் வெளிறும். ஐபிஎஸ் வகையில் பக்கத்திலிருந்தும் நிறம் பெரிதும் மாறாது. இருண்ட அறையில் கருமை சாம்பல் நிறமாகத் தோன்றும். ஓஎல்இடி திரையிலோ ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்வதால், கருமை வேண்டிய இடத்தில் புள்ளி முற்றிலும் அணைந்துவிடும். ஆனால், அலைவரிசைச் சின்னம் போன்ற அசையாத உருவம் நெடுங்காலம் ஓரிடத்திலேயே ஒளிர்ந்தால், அதன் தடம் திரையில் நிலைத்துவிடக்கூடும்.