அடுத்தடுத்து ரெண்டு வெளி ஆட்டம் ஏன்?

லைப்சிக்கில் மகனின் கால்பந்து அட்டவணை வந்தது. அடுத்தடுத்து ரெண்டு கிழமை வெளித்திடல். "ஏன் அப்பா மாறி மாறி வரேல்லை?" என்று கேட்டான். ஆறு அணிகளை வைத்து எழுதிக் காட்டினேன்.

தவறாமல் மாறி வர ரெண்டே வரிசைதான்: ஒன்று சொந்தத் திடலில் தொடங்கும், மற்றது வெளியில். ஒரே வரிசையை ரெண்டு அணிகளுக்குக் கொடுத்தால், ரெண்டும் ஒரே நாளில் சொந்தத் திடலில் நிற்கும். தங்களுக்குள் ஆடவே முடியாது. ஆகவே ரெண்டு அணிகளுக்குத்தான் அந்த வாய்ப்பு. மற்ற நாலும் ஒருமுறையாவது தொடர்ந்து வெளியிலோ சொந்தத் திடலிலோ ஆடியே ஆகவேணும்.

இங்கே ஒவ்வொரு அணிக்கும் 'ஷ்லூசல்சால்' என்றொரு எண் கொடுப்பார்கள். அட்டவணையில் அதன் இடம் அதுதான். ஒவ்வொரு எண்ணுக்கும் நேரெதிர் ஜோடி எண் உண்டு. திடலைப் பகிரும் ரெண்டு அணிகளுக்கு அந்த ஜோடியைக் கொடுத்தால் மோதல் வராது. மூன்றாவது அணியும் அதே திடலுக்கு வந்தால் இது உதவாது. ஆட்ட நேரத்தைத்தான் தள்ளி வைக்கவேணும்.

மகனின் திடலைப் பகிர்வது பெண்கள் அணி. அந்த ரெண்டு கிழமையும் அவர்களுக்குச் சொந்தத் திடல் ஆட்டம். எண்ணில் விருப்பம் இருந்தால், அட்டவணை போடமுன்னமே பயிற்சியாளரிடம் சொல்லிவிடுங்கோ.