பி.இ. மூன்றுக்கும் கீழே: ஸ்கிரீனர் காட்டியதும் காட்டாததும்

மும்பை பங்குச் சந்தையின் பட்டியலில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் இருக்கின்றன. பகலில் வேலைக்குப் போய்வரும் ஒருவர் அத்தனை ஆண்டறிக்கைகளையும் புரட்டிப் பார்ப்பது நடக்காத காரியம். அங்கேதான் ஸ்கிரீனர் கைகொடுக்கிறது. நிறுவனங்கள் பங்குச் சந்தைக்குத் தாக்கல் செய்யும் கணக்குகளை ஒரே இடத்தில் சேர்த்து வைத்து, கேட்கும் நிபந்தனைக்குப் பொருந்துகிறவற்றை மட்டும் பிரித்துத் தரும் தளம் அது. இந்தியாவில் ஸ்கிரீனர்.இன் போன்ற தளங்களில் நிபந்தனையை இப்படித் தட்டினால் போதும்:

```
Market Capitalization > 500 AND
Price to earning < 15 AND
Return on capital employed > 22
```

முதல் வரி, சந்தை மதிப்பு 500 கோடி ரூபாய்க்குக் குறைந்த சிறு நிறுவனங்களை ஒதுக்குகிறது. இரண்டாவது வரி பி.இ. விகிதம். இன்றைய பங்கு விலை, கடந்த 12 மாதங்களில் ஒரு பங்குக்குக் கிடைத்த லாபத்தைப் போல் எத்தனை மடங்கு என்பதை அது சொல்கிறது. மூன்றாவது, தொழிலில் போட்டிருக்கும் முதலுக்கு, அதாவது சொந்தப் பணத்துக்கும் கடனுக்கும் சேர்த்து, வட்டியும் வரியும் கழிப்பதற்கு முன் எத்தனை சதவீதம் லாபம் வருகிறது என்ற கணக்கு. நன்றாகச் சம்பாதிக்கும் நிறுவனம் மலிவான விலையில் வேண்டும் என்பதுதான் இந்த மூன்று வரிகளின் சாரம். சில நொடிகளில் ஐயாயிரம் பெயர்கள் ஒரு சிறு பட்டியலாகச் சுருங்கிவிடும்.

இதே நிபந்தனையை 2019 மார்ச்சில் போட்டிருந்தால், பட்டியலின் உச்சியிலேயே எச்.இ.ஜி. என்ற பெயர் நின்றிருக்கும். மத்தியப் பிரதேசத்தில் போபாலுக்கு அருகே மண்டிதீப்பில் ஆலை வைத்து, கிராஃபைட் எலெக்ட்ரோடு தயாரிக்கும் நிறுவனம் அது. பங்கு விலை அப்போது 2,100 ரூபாய் வாக்கில் இருந்தது. ஏறத்தாழ 3.86 கோடி பங்குகள். ஆக மொத்தச் சந்தை மதிப்பு சுமார் 8,100 கோடி. அந்த நிதியாண்டின் நிகர லாபமோ ஏறத்தாழ 3,050 கோடி. வகுத்துப் பார்த்தால் பி.இ. மூன்றைக்கூடத் தொடவில்லை. முதலுக்கான வருமானமும் 22 சதவீதத்தை எங்கோ தாண்டிப் போயிருந்தது. மூன்று ஆண்டு லாபத்தைச் சேர்த்தால் முழு நிறுவனத்தையுமே வாங்கிவிடலாம் என்று திரை சொல்லியது.

அடுத்த நிதியாண்டில் அந்த லாபம் சுமார் 53 கோடியாகச் சுருங்கியது. கொரோனா பீதி சந்தையைத் தாக்குவதற்கு முன்பே பங்கு விலை பாதியளவுக்கு இறங்கியிருந்தது. 2020 மார்ச்சில் 500 ரூபாய்க்கும் கீழே போனது. (2024இல் பங்கு ஐந்தாகப் பிரிக்கப்பட்டதால் இன்றைய வரைபடங்களில் இந்த விலைகள் ஐந்தில் ஒரு பங்காகத் தெரியும்.)

இதில் கணக்கு மோசடி எதுவும் இல்லை. திரையில் இருந்த ஒவ்வோர் எண்ணும் சரியான எண்தான். அப்படியானால் கோளாறு எங்கே?

பழைய இரும்பை மின்வில் உலையில் உருக்கும்போது, மின்சாரத்தை உலைக்குள் கொண்டுசெல்லும் தடித்த தண்டுதான் கிராஃபைட் எலெக்ட்ரோடு. அது எரிந்து தேய்ந்துகொண்டே போகும். மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு மாற்றுப் பொருளும் கிடையாது. 2017 வாக்கில் சீனா மாசுக் கட்டுப்பாட்டைக் கடுமையாக்கி, புகை கக்கும் ஆலைகளை மூடத் தொடங்கியதும் உலகம் முழுக்க எலெக்ட்ரோடுக்குத் தட்டுப்பாடு வந்தது. எஃகின் மொத்த அடக்கச் செலவில் எலெக்ட்ரோடின் பங்கு சிறியது என்பதால் எஃகு ஆலைகள் கேட்ட விலையைக் கொடுத்தன. 2016-17இல் நஷ்டத்தில் இருந்த எச்.இ.ஜி., 2017-18இல் சுமார் 1,100 கோடி லாபம் கண்டது. அதற்கடுத்த ஆண்டில்தான் அந்த 3,050 கோடி. பிறகு புதிய உற்பத்தி சந்தைக்கு வந்தது. எலெக்ட்ரோடு விலை சரிந்தது. ஆனால் நீடில் கோக் என்ற மூலப்பொருளை விலை ஏறியிருந்தபோது வாங்கிக் குவித்திருந்ததால் செலவு உடனே இறங்கவில்லை. லாபம் இரண்டு பக்கமும் நசுங்கியது.

இப்போது அந்த பி.இ.யைத் திரும்பப் பார்க்கலாம். அதில் உள்ள விலை இன்றையது. லாபமோ கடந்து போன 12 மாதங்களுடையது. 2018 அக்டோபரில் 5,000 ரூபாயை நெருங்கிய பங்கு, 2019 மார்ச்சுக்குள் 2,100க்கு வந்தபோதே, இந்த லாபம் நிலைக்காது என்று சந்தை கணித்துவிட்டது. ஸ்கிரீனரிடம் இருந்ததோ போன ஆண்டின் லாபம்தான். ஆகவே சந்தையின் சந்தேகம் திரையில் மலிவாகத் தெரிந்தது. எஃகு, சர்க்கரை, ரசாயனம் போல விலை ஏறி இறங்கும் தொழில்களில் பி.இ. மிகக் குறைவாகத் தெரிவது பெரும்பாலும் லாபத்தின் உச்சத்தில்தான். அமெரிக்க முதலீட்டாளர் பீட்டர் லிஞ்ச் இந்த வகைப் பங்குகள் குறித்து விடுத்த எச்சரிக்கையும் இதுவே.

ஓராண்டுக்குப் பதில் ஐந்தாண்டுச் சராசரியைக் கேட்டால் தப்பிக்கலாமே என்று தோன்றும். எச்.இ.ஜி. விஷயத்தில் அதுவும் உதவியிருக்காது. கடைசி இரண்டு ஆண்டுகளின் உச்சமே மொத்தச் சராசரியையும் மேலே இழுத்துவிட்டிருக்கும். பத்தாண்டு லாபத்தை ஆண்டுவாரியாக வரிசையில் வைத்துக் கண்ணால் பார்த்தால்தான் நஷ்டம், திடீர் ஏற்றம் எல்லாம் புலப்படும். வழக்கமான ஆண்டின் லாபம் 300 கோடி என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், 8,100 கோடி சந்தை மதிப்புக்கு பி.இ. 27 ஆகிறது. மூன்றுக்குக் கீழே இருந்த பங்கு, அதே நாளில், அதே விலையில், 15 என்ற வரம்பைத் தாண்டிவிடுகிறது.

எண்களே பொய்யாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். 2009 ஜனவரி 7 அன்று சத்யம் கம்ப்யூட்டர்ஸ் தலைவர் ராமலிங்க ராஜு எழுதிய கடிதத்தில், முந்தைய செப்டம்பர் காலாண்டில் 24 சதவீதம் என்று காட்டிய செயல்பாட்டு லாபம் உண்மையில் 3 சதவீதம்தான் என்று ஒப்புக்கொண்டார். ஏட்டில் இருந்த 5,361 கோடி ரொக்கத்தில் 5,040 கோடி இல்லவே இல்லை. லாபத்துக்கு நிகராகப் பணம் வந்ததா என்று பார்ப்பது நல்ல சோதனை; பெரும்பாலான ஜோடனைகளை அது காட்டிக்கொடுக்கும். ஆனால் வங்கி இருப்பையே போலியாகக் காட்டிய சத்யத்திடம் அந்தச் சோதனையும் செல்லாது. தடயங்கள் வேறு இடத்தில் இருந்தன. 2008 டிசம்பரில், கையிருப்பைக் கொண்டு ராஜு குடும்பத்தின் மேடாஸ் நிறுவனங்களை வாங்கப் போவதாக அறிவித்து, முதலீட்டாளர்கள் கொதித்ததும் பின்வாங்கினார்கள். புரமோட்டர்களின் பங்குகள் அடமானத்தில் இருந்த செய்தியும் வெளிவந்தது. குடும்ப நிறுவனத்துக்குப் பணம் ஏன் போகிறது என்று எந்த விகிதமும் கேட்பதில்லை.

எல்லைக்கோடும் ஒரு சிக்கல். 22 சதவீதம் என்று எழுதினால் 21.8 சதவீதம் ஈட்டும் நல்ல நிறுவனம் கண்ணில் படாமலே போகும். நிலத்தை விற்று ஒருமுறை மட்டும் லாபம் பார்த்த நிறுவனமோ உள்ளே வந்துவிடும். கடன் வாங்கிக் கடன் கொடுப்பதையே தொழிலாகக் கொண்ட வங்கிகளை மூன்றாவது வரியால் அளக்கவே முடியாது.

ஆகவே பட்டியல் கைக்கு வந்ததும் ஒவ்வொரு பெயருக்கும் நான்கு இடங்களைப் பார்த்துவிடுங்கள்: பத்தாண்டு லாப வரிசை, ஐந்தாண்டு நிகர லாபத்தின் கூட்டுத்தொகைக்குப் பக்கத்தில் அதே ஐந்தாண்டில் தொழிலிலிருந்து வந்த ரொக்கம், புரமோட்டர் பங்கு அடமானம், ஆண்டறிக்கையில் தணிக்கையாளர் குறிப்பும் உறவினர் நிறுவனங்களுடனான பரிவர்த்தனைகளும். இவை எல்லாம் பங்குச் சந்தைகளின் இணையதளங்களில் இலவசமாகவே கிடைக்கின்றன. லாபம் எதனால் வந்தது, அடுத்த ஆண்டும் ஏன் வரும் என்பதை இரண்டு வரியில் எழுத முடியாத நிறுவனத்தை, அதன் பி.இ. எவ்வளவு குறைவாக இருந்தாலும், பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள்.