வட்டி முந்தினால் கடன் வீங்கும்

இத்தாலியை ஊதாரி நாடு என்பார்கள். ஆனால் 1992 முதல் 2019 வரை, வட்டிச் செலவை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், ஏறக்குறைய ஒவ்வொரு ஆண்டும் அந்த அரசு வரவுக்குள்தான் செலவு செய்தது. இருந்தும் 2019இல் கடன், நாட்டின் ஆண்டு உற்பத்தியைப்போல் சுமார் 1.3 மடங்கு.

ஏன்?

கடன் 100, உற்பத்தி 100 என்று வைத்துக்கொள்வோம். வட்டி 5 சதவீதம். விலையேற்றமும் சேர்த்த வளர்ச்சி 2 சதவீதம். வட்டியைக் கட்டவும் கடனே வாங்கினால், அடுத்த ஆண்டு கடன் 105, உற்பத்தி 102. வேறு செலவுக்கு ஒரு காசு வாங்காமலே கடன் விகிதம் 103 ஆகிவிடும். அதை 100இலேயே நிறுத்த, வட்டிக்கு முன் சுமார் 3 மிச்சம் பிடிக்க வேண்டும். வளர்ச்சியும் 5 சதவீதமானால் மிச்சமே தேவையில்லை.

இத்தாலியின் வளர்ச்சி பல ஆண்டுகள் வட்டியை எட்டவில்லை. பிடித்த மிச்சத்தை அந்த இடைவெளியே விழுங்கியது.