நான்கு பிகோஃபாரட் எழுநூறு ஆகும் கதை

2N3904 டிரான்சிஸ்டரின் பேஸுக்கும் கலெக்டருக்கும் இடையே அதிகபட்சம் 4 பிகோஃபாரட் மின்தேக்குத்திறன் இருக்கும். தரவுத்தாளில் யாரும் நின்று கவனிக்காத எண் அது. ஆனால் பொது எமிட்டர் பெருக்கியின் உயர் அதிர்வெண் எல்லையைப் பெரும்பாலும் அதுதான் முடிவு செய்கிறது.

கலெக்டரில் 1 மில்லிஆம்பியர் ஓட்டமும் 4.7 கிலோஓம் மின்தடையும் வைத்து, எமிட்டரை மின்தேக்கி வழியாகத் தரையோடு இணைத்தால், பெருக்கம் ஏறக்குறைய 180 வரும். அதுவும் தலைகீழாக: பேஸ் 1 மில்லிவோல்ட் ஏறும்போது கலெக்டர் 180 மில்லிவோல்ட் இறங்குகிறது. இடையிலுள்ள மின்தேக்கியின் ஒரு முனை ஏற, மறுமுனை இறங்க, அதன் குறுக்கே மின்னழுத்தம் 181 மில்லிவோல்ட் மாறிவிடுகிறது. அதற்கேற்ற மின்னூட்டத்தைப் பேஸ் பக்கத்துச் சிக்னல் மூலமே தந்தாக வேண்டும். தான் கொடுத்தது 1 மில்லிவோல்ட்தான். எனவே அந்த மூலத்துக்கு அது 4 பிகோஃபாரட்டாகத் தெரிவதில்லை, 181 மடங்காக, 724 பிகோஃபாரட்டாகத் தெரிகிறது. இதுதான் மில்லர் விளைவு. ஜான் மில்லர் 1920இல் மூன்று மின்முனை வால்வுகளைப் பற்றி வெளியிட்ட ஆய்வில் இதை விளக்கினார். டிரான்சிஸ்டர் அப்போது பிறக்கவே இல்லை.

மூலத்தின் மின்தடை 1 கிலோஓம் என்று கொள்வோம். டிரான்சிஸ்டரின் உள்ளீட்டு மின்தடையும் அதோடு இணையாகச் சேர்ந்தால் சுமார் 840 ஓம். பேஸ்-எமிட்டர் மின்தேக்குத்திறனையும் கூட்டினால் மொத்தம் 740 பிகோஃபாரட் அளவில் நிற்கும். இந்த இரண்டும் சேர்ந்து உயர் அதிர்வெண்களை வடிகட்டிவிடுகின்றன. பெருக்கம் 256 கிலோஹெர்ட்சிலேயே மூன்று டெசிபெல் சரிந்துவிடுகிறது. மில்லர் பெருக்கல் இல்லாதிருந்தால் உள்ளீட்டுப் பக்கம் 9 மெகாஹெர்ட்சுக்கு மேல் தாங்கியிருக்கும். சுமார் 300 மெகாஹெர்ட்ஸ் வரை வேலை செய்யும் டிரான்சிஸ்டர் இப்படி நடுத்தர அலை வானொலியைக்கூட எட்டாமல் நின்றுவிடுகிறது.

பிரெட்போர்டில் இது இன்னும் மோசம். பேஸும் கலெக்டரும் அடுத்தடுத்த வரிசைகளில் அமர்கின்றன. வரிசைகளுக்கிடையே வெறும் 2 பிகோஃபாரட் கூடினாலும் உள்ளீட்டில் 360 பிகோஃபாரட் ஏறிவிடும்; எல்லை 170 கிலோஹெர்ட்சுக்கு இறங்கும்.

குற்றவாளி மில்லர் விளைவுதானா என்று கண்டுபிடிப்பது எளிது. கலெக்டர் மின்தடையை 470 ஓமாகக் குறைத்துப் பார்க்கலாம். பெருக்கம் பத்தில் ஒன்றாகும். எல்லையோ 2 மெகாஹெர்ட்ஸ் வரை உயரும். மூலத்தின் மின்தடையைக் குறைத்தாலும் எல்லை உயரும், அதிலும் பெருக்கம் குறையாது.

பெருக்கத்தையும் விடாமல், மூலத்தையும் மாற்றாமல் தப்ப வேண்டுமென்றால் வழி கேஸ்கோடு. முதல் டிரான்சிஸ்டரின் கலெக்டர் மீது, பேஸ் நிலையான மின்னழுத்தத்தில் பிடிக்கப்பட்ட இரண்டாவது டிரான்சிஸ்டரை அடுக்குவார்கள். மேலுள்ளதன் எமிட்டர் மின்னழுத்தம் அதிகம் அசையாது என்பதால் கீழுள்ளதன் பெருக்கம் ஏறக்குறைய 1 ஆகிவிடுகிறது; 4 பிகோஃபாரட் வெறும் 8 ஆகத்தான் தெரியும். முழுப் பெருக்கமும் மேல் கலெக்டரில் கிடைக்கும். உள்ளீட்டு எல்லை 8 மெகாஹெர்ட்ஸ் அருகே போய்விடும். அப்போது அடுத்த தடை கலெக்டர் பக்கத்திலிருந்து வரும்: 4.7 கிலோஓமும் அங்குள்ள சில பிகோஃபாரட்டுகளும் சேர்ந்து ஏறக்குறைய அதே இடத்தில் தம் எல்லையைப் போடுகின்றன.