மூவருக்கு ஒரு பிடிஎஃப், மூன்று சாவிகள்

ஒரு நிறுவனத்தின் சம்பளப் பட்டியல் இயக்குநர், ஆடிட்டர், மனிதவள மேலாளர் ஆகிய மூவருக்குப் போக வேண்டும். வழக்கமாக பிடிஎஃப்புக்கு ஒரு பாஸ்வேர்டு போட்டு, அதை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார்கள். மூவரில் ஒருவர் அதை நாலாவது ஆளுக்குச் சொன்னாலும் யார் சொன்னார் என்று தெரியாது. ஒருவர் வேலையை விட்டுப் போனால், அடுத்த மாதப் பட்டியலுக்குப் புது பாஸ்வேர்டு வைத்து மற்ற இருவருக்கும் மறுபடி சொல்ல வேண்டும்.

இதற்கு மாற்றாக, பெறுபவர்களின் டிஜிட்டல் சான்றிதழ்களைக் கொண்டே கோப்பைப் பூட்டலாம். ஒவ்வொருவரிடமும் ஒரு ஜோடிச் சாவி இருக்கும். பூட்ட மட்டுமே பயன்படும் பொதுச் சாவி சான்றிதழுக்குள் இருக்கிறது. அதை யாருக்கும் தரலாம். திறக்கும் தனிச் சாவி அவரவர் கணினியையோ யுஎஸ்பி டோக்கனையோ விட்டு வெளியே போகக் கூடாது.

மூன்று பேருக்கு என்பதால் பட்டியல் மூன்று முறை பூட்டப்படுவதில்லை. மென்பொருள் 20 பைட் நீளமுள்ள ஒரு ரகசிய எண்ணை உருவாக்கி, அதிலிருந்து பிறக்கும் சாவியால் பக்கங்களை ஒரே முறை பூட்டுகிறது. பிறகு அந்த எண்ணை மூவரின் பொதுச் சாவிகளாலும் தனித்தனியே பூட்டி, கோப்பிலேயே வைத்துவிடுகிறது. ஆடிட்டர் திறக்கும்போது அவருடைய தனிச் சாவி அவருக்கான பிரதியைத் திறந்து எண்ணை எடுக்கிறது. பாஸ்வேர்டு எதையும் யாரும் யாருக்கும் சொல்லவில்லை.

அக்ரோபாட்டில் Encrypt with Certificate என்பதைத் தேர்ந்து, மூவரும் அனுப்பிய `.cer` கோப்புகளைச் சேர்த்தால் போதும். பலரும் இங்கே தங்கள் சான்றிதழைச் சேர்க்க மறந்துவிடுகிறார்கள். அப்படி மூடிய பிரதியை அனுப்பியவராலேயே திறக்க முடியாது.

சான்றிதழ் உண்மையிலேயே அவருடையதுதானா என்பதையும் உறுதிசெய்ய வேண்டும். மின்னஞ்சலில் வந்ததை நடுவில் ஒருவர் மாற்றியிருந்தால், கோப்பு அந்த ஆளுக்காகவே பூட்டப்படும். ஆகவே போனில் அழைத்து, திரையில் தெரியும் ஃபிங்கர்பிரின்ட் எண்களை இருவரும் படித்து ஒப்பிடுவது நல்லது.

இந்தியாவில் இன்னொரு சிக்கல் உண்டு. வரித் தாக்கலுக்காக வாங்கிய டிஎஸ்சி டோக்கனில் பெரும்பாலும் கையெழுத்துச் சான்றிதழ் மட்டுமே இருக்கும். அதை வைத்துக் கோப்பைப் பூட்ட முடியாது. Key Usage பகுதியில் Key Encipherment என்று இருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். இ-டெண்டருக்காக வாங்குபவர்கள் கையெழுத்துக்கு ஒன்று, பூட்டுவதற்கு ஒன்று என இரண்டு சான்றிதழ்கள் வாங்குவது இதனால்தான்.

குரோம் போன்ற பிரவுசர்கள் இத்தகைய கோப்பைத் திறப்பதில்லை. பெறுபவரிடம் அக்ரோபாட் ரீடர் போன்ற மென்பொருள் வேண்டும். வேலையை விட்டுப் போனவரை அடுத்த கோப்பிலிருந்து நீக்கலாம், ஆனால் ஏற்கெனவே அவர் கைக்குப் போனதைத் திரும்பப் பெற முடியாது. சான்றிதழ் காலாவதியானதும் டோக்கனை அழித்துவிட்டால், அதற்கெனப் பூட்டிய பழைய பட்டியல்களை அவரால் இனித் திறக்கவே முடியாது. எனவே புதிய சான்றிதழ் வந்த பிறகும் பழைய டோக்கனையோ `.pfx` கோப்பையோ அதன் பாஸ்வேர்டோடு பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.