அரையும் அறையும்

ஐந்தாம் வகுப்பில் ஆசிரியர் ‘உளுந்தை அரை’ என்றார். நானோ ‘உளுந்தை அறை’ என்றெழுதி, பாவம், உளுந்துக்கு அடி வாங்கிக் கொடுத்தேன்!

எங்கள் ஊர்ப் பேச்சில் ரகரமும் றகரமும் ஒன்றாகவே ஒலிக்கும். இவ்வாறு ஒலி ஒத்து, எழுத்தும் பொருளும் வேறுபடுபவை ஹோமோஃபோன். எழுத்தும் ஒலியும் ஒன்றாயிருந்து பொருள் மட்டும் வேறுபடுவது ஹோமோனிம்: வீட்டின் அறை, கன்னத்தில் விழும் அறை. இதில் எழுத்துப் பிழைக்கு இடமில்லை. இடம் நோக்கிப் பொருள் கொள்ளலாம்.

மாணவரை மயக்குவது ஹோமோஃபோனே. வினைச்சொல்லாயின் இறந்தகாலமாக்கிப் பாருங்கள்: அரைத்தாள், அறைந்தாள். அரை ரூபாய்க்கு இவ்வழி உதவாது. அதை மனத்தில் இருத்தவேண்டியதுதான்.

எழுத்தறியாத என் அன்னை ‘அரைச்சேன்’, ‘அறைஞ்சேன்’ என்பவற்றை ஒருநாளும் மாற்றிச் சொன்னதில்லை. விடை எங்கள் அடுக்களையிலேயே இருந்திருக்கிறது!